இ.எஸ்.ஐ-யும் தரவில்லை, கம்பெனியும் தரவில்லை: பிரசவ விடுப்புச் சம்பளம் யார் பொறுப்பு?

பெங்களூரு பீனியாவில் ஒரு சின்ன கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்ப்பது என் வேலை. அதனால் எங்கள் தெருவில் யாருக்குச் சம்பளச் சீட்டு புரியாவிட்டாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். 2025 அக்டோபரில் அப்படி வந்தவர் பக்கத்து வீட்டுப் பெண். தர்மபுரிப் பக்கம் ஊர். வேறொரு தொழிற்சாலையில் தினக்கூலி 690 ரூபாய்க்குத் தையல் வேலை. வயிற்றில் எட்டு மாதம்.

"அக்கா, கம்பெனியில கேட்டா இ.எஸ்.ஐ-ல வாங்கிக்கோன்னு சொல்றாங்க. இ.எஸ்.ஐ ஆபீஸ்ல கேட்டா உனக்கு நாள் பத்தாதுன்னு சொல்றாங்க. அப்போ எனக்கு யார்தான் தருவாங்க?"

இ.எஸ்.ஐ ஆபீஸ் சொன்னது சரி. கம்பெனி சொன்னது தவறு. ஏன் என்று புரிய, இ.எஸ்.ஐ-யின் அரையாண்டுக் கணக்கு தெரிய வேண்டும்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இ.எஸ்.ஐ-க்குள் வருவார்கள். தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். இந்தப் பெண்ணுக்கு 26 நாள் கூலி 17,940 ரூபாய் என்றால் சீட்டில் 135 ரூபாய் பிடித்தம் இருக்கும். இப்படிப் பணம் கட்டும் காலத்தை ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். பலன் கிடைக்கும் காலம் அதற்கு நேராக இருக்காது, மூன்று மாதம் தள்ளித்தான் தொடங்கும். ஏப்ரல்–செப்டம்பரில் கட்டியது அடுத்த ஜனவரி–ஜூனில் பலன் தரும். அக்டோபர்–மார்ச்சில் கட்டியது ஜூலை–டிசம்பரில் பலன் தரும்.

பிரசவச் சம்பளம் கேட்க, பிரசவம் விழும் பலன் காலத்துக்கு உரிய பங்களிப்புக் காலமும் அதற்கு முந்தையதும் சேர்த்துக் குறைந்தது 70 நாளுக்குப் பங்களிப்பு இருக்க வேண்டும். இந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்தது 2025 பிப்ரவரி 3. பிரசவத் தேதி நவம்பர் 20. நவம்பருக்கு உரியது 2024 அக்டோபர் முதல் 2025 மார்ச் வரையிலான காலம். அதில் அவர் வேலை பார்த்தது இரண்டே மாதம். ஞாயிறுகளைக் கழித்தால் எவ்வளவு போனாலும் 49 நாள்தான். ஏப்ரலிலிருந்து ஒரு நாள் விடாமல் வேலைக்குப் போயிருந்தாலும் அந்த நாட்கள் ஜனவரிக்குப் பிறகுதான் கணக்குக்கு வரும். இதே குழந்தை 2026 ஜனவரி முதல் வாரத்தில் பிறக்க வேண்டியதாக இருந்திருந்தால் இ.எஸ்.ஐ-யே முழுப் பணத்தையும் கொடுத்திருக்கும். ஆறு வார வித்தியாசம்.

அதனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் பிரசவத் தேதி தெரிந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது இந்த 70 நாள் கணக்கைத்தான். இ.எஸ்.ஐ-யில் பெயர் இருக்கிறது என்பதால் மட்டும் பணம் வந்துவிடாது.

சரி, இ.எஸ்.ஐ தராது. அப்புறம்? 1961-ஆம் ஆண்டின் பேறுகாலப் பலன் சட்டம் இந்த இடைவெளியை யோசித்தே ஒரு பிரிவை வைத்திருந்தது. கம்பெனி இ.எஸ்.ஐ-க்குள் இருந்தாலும், அந்தப் பெண் இ.எஸ்.ஐ-யில் பிரசவச் சம்பளத்துக்குத் தகுதி பெறும் வரை முதலாளிதான் அதைத் தர வேண்டும். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்தக் கம்பெனியில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். இவர் பிப்ரவரியிலிருந்து அக்டோபர் வரை வேலை பார்த்திருக்கிறார், 80 நாள் எப்போதோ தாண்டிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. அதிலும் 80 நாள், 26 வாரம், இந்த இடைவெளி ஏற்பாடு எல்லாம் இருக்கின்றன.

கம்பெனிகள் பலவற்றுக்கு இந்தப் பிரிவு தெரியாது. தெரிந்தவர்களும் சொல்ல மாட்டார்கள். இவரிடம் ஒரு மேஸ்திரி, "ரிசைன் எழுதிக் கொடுத்துட்டுப் போ, குழந்தை பிறந்ததும் மறுபடி சேர்த்துக்கறோம்" என்று அன்பாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் எல்லா உரிமையும் அதோடு போய்விடும். நல்லவேளை, போடவில்லை.

இப்போது தொகைக்கு வருவோம். விடுப்பு 26 வாரம், அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம். (ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்தான்.) குழந்தையோடு அதிக நாள் இருக்கலாம் என்று இவர் இரண்டு வாரம் மட்டும் முன்னதாக, நவம்பர் 6 முதல் விடுப்பு எடுத்தார். விடுப்பு மே 6 வரை போகும். 26 வாரம் என்றால் 182 நாள். ஒரு நாளுக்கு 690 வீதம் 1,25,580 ரூபாய்.

கம்பெனி முதலில் போட்ட கணக்கு 1,07,640. ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கூலி கிடையாது, அதனால் 156 நாள்தான் என்றார்கள். இந்த வாதம் கிட்டத்தட்ட ஐம்பது வருஷத்துக்கு முன்பே தோற்றுப்போன ஒன்று. ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண்ணின் வழக்கு கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1977-இல் வந்த தீர்ப்பு, வாரம் என்றால் ஏழு நாள், கூலியில்லாத ஞாயிறும் பிரசவச் சம்பளக் கணக்கில் சேரும் என்று தெளிவாகச் சொன்னது. 26 ஞாயிறு என்பது 17,940 ரூபாய், அதாவது இவருக்கு ஒரு முழு மாதக் கூலி. தினக்கூலிக்காரர்கள் இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டாலே போதும்.

பணம் எப்போது வர வேண்டும் என்பதையும் சட்டம் சொல்கிறது. பிரசவத்துக்கு முந்தைய நாட்களுக்கான தொகையை, கர்ப்பத்துக்கான மருத்துவச் சான்று கொடுத்ததும் முன்கூட்டியே தர வேண்டும். இவருக்கு அது 14 நாளுக்கு 9,660 ரூபாய். மீதி 1,15,920 ரூபாயைக் குழந்தை பிறந்த சான்று கொடுத்து 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நடைமுறையில் 48 மணி நேரத்துக்குள் கொடுத்த கம்பெனியை நான் இன்னும் பார்க்கவில்லை. நாங்கள் எழுதிய கடிதத்தின் நகலில் கம்பெனி முத்திரை வாங்கி வைத்துக்கொண்டோம். அடுத்தது பன்னேருகட்டா சாலையில் இருக்கும் கார்மிக பவன்தான், தொழிலாளர் துறை அங்கேதான் இருக்கிறது என்று சொன்ன பிறகு, ஜனவரி கடைசியில் முழுத்தொகையும் வந்தது. அறிவிப்புக் கடிதத்தைப் பிரசவத்துக்கு முன் கொடுக்க மறந்திருந்தாலும் பின்னால் கொடுக்கலாம், உரிமை போகாது.

இந்தத் தாமதத்தை வைத்துத்தான் வீட்டுக் கணக்குப் போட வேண்டும். அவர் கணவர் டாக்ஸி ஓட்டுகிறார். டீசல், கடன் தவணை போக மாதம் 22,000 நிற்கும். வாடகை, மளிகை, சீட்டு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து செலவு 32,000. குழந்தைக்கென்று மாதம் 3,500 வைத்தோம். டயப்பர் ராத்திரிக்கு மட்டும், பகலில் பழைய வேட்டித் துணி. ஆக, அவர் கூலி இல்லாவிட்டால் மாதம் 13,500 துண்டு விழும், ஆறு மாதத்துக்கு 81,000. கம்பெனிப் பணம் 1,25,580 வந்தால் இந்தத் துண்டை அடைத்து 44,580 மிஞ்சும். ஆனால் நவம்பரிலிருந்து ஜனவரி கடைசி வரை கையில் எதுவும் இல்லை. அந்த மாதங்களுக்கு 30,000 கடன் வாங்கித்தான் ஓட்டினார்கள். விடுப்புக்கு முன்பே இரண்டு மூன்று மாதத் துண்டுத் தொகையைச் சேர்த்துவைக்க முடிந்தால், சட்டப்படி வர வேண்டிய பணத்துக்காக வட்டி கட்ட வேண்டியிருக்காது.

மருத்துவச் செலவு இந்தக் கணக்கில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இ.எஸ்.ஐ-யில் பிரசவச் சம்பளத்துக்கு நாள் பத்தாவிட்டாலும், மருத்துவ வசதி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. இவர் "உனக்கு நாள் பத்தாது" என்ற பதிலைக் கேட்டு, ஆஸ்பத்திரியும் கிடையாது என்று நினைத்துப் பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரியில் விலை விசாரித்திருக்கிறார். சிசேரியன் என்றால் 85,000 ஆகும் என்றார்களாம். பெங்களூருவில் ராஜாஜிநகர், பீனியா, இந்திராநகர் ஆகிய இடங்களில் இ.எஸ்.ஐ ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. பிரசவம் இ.எஸ்.ஐ ஆஸ்பத்திரியில்தான் நடந்தது, சிசேரியன்தான். செலவு ஆட்டோவுக்கும், கூட இருந்த அம்மாவின் சாப்பாட்டுக்கும் மட்டும்.

தடுப்பூசியும் அப்படித்தான். பிறந்தவுடன், ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில், அப்புறம் ஒன்பதாவது மாதத்தில் என முதல் வருஷத்தில் ஐந்து முறை. காசநோய், போலியோ, மஞ்சள் காமாலை, ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட், ரோட்டா, நிமோனியாவுக்கான ஊசி, தட்டம்மை–ரூபெல்லா எல்லாமே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தனியாரில் "வலியில்லாத ஊசி" என்று விற்பது காய்ச்சலையும் வீக்கத்தையும் குறைக்கும், அதற்காக ஒவ்வொரு முறையும் பல ஆயிரம் கேட்கிறார்கள். வசதியிருந்தால் போடலாம், கடன் வாங்கிப் போட வேண்டியதில்லை. கர்நாடகாவில் கர்ப்பிணிகளுக்குத் தருகிற 'தாயி' கார்டைத் தொலைத்துவிடாதீர்கள். கன்னடத்திலும் தாயிதான் தாய். எந்த ஊசி எப்போது போட்டது என்பது அதில்தான் இருக்கும்.

மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் கிடைக்குமே என்று அவர் கேட்டார். வேறொரு சட்டத்தின் கீழ் இதே மாதிரி பலன் வாங்குகிறவர்களுக்கு அது கிடையாது. அதனால் அதை வரவில் எழுதவில்லை. வீட்டு வேலைக்குப் போகிற அவர் தங்கைக்கு முதல் குழந்தை வந்தால் கேட்கலாம், அவருக்கு முதலாளியும் இல்லை, இ.எஸ்.ஐ-யும் இல்லை.

மே 7-ஆம் தேதி வேலைக்குப் போக வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். பதினைந்து மாதம் வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளையும் உண்டு. இவர் தொழிற்சாலையில் காப்பகம் இருக்கிறது. வந்த பணத்தில் முதலில் 30,000 கடனை அடைத்துவிட்டு, மாதாமாதம் விழும் துண்டும் போக மிஞ்சுவதைக் காப்பகத்துக்குப் போகும் குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல் வந்து இவர் கூலியில்லாமல் வீட்டில் இருக்க வேண்டிய நாட்களுக்கென்று தனியாக எடுத்துவைக்கச் சொன்னேன்.