இருபது கிளிக் வித்தியாசம் நிஜமா?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு சேலைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பில் போடும்போது கேட்டு வாங்கிய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் கடையில் இருக்கின்றன. ஆடித் தள்ளுபடிக்கு ஒரு மெயில் தயார் செய்கிறார்கள். உள்ளே இருப்பது ஒன்றுதான், தலைப்பு வரி மட்டும் இரண்டு விதம். ஏ: "ஆடித் தள்ளுபடி: சேலைகளுக்கு 30% வரை". பி: "அம்மாவுக்கு ஒரு சேலை, ஆடி முடிவதற்குள்". முகவரிகளைக் குலுக்கல் முறையில் சரிபாதியாகப் பிரித்து அனுப்பியாயிற்று. மூன்று நாள் கழித்து வந்த அட்டவணை இது:

| | ஏ | பி |
|---|---|---|
| போய்ச் சேர்ந்தவை | 2,500 | 2,500 |
| திறந்தவை | 980 | 1,045 |
| மொத்தக் கிளிக் | 104 | 161 |
| கிளிக் செய்த ஆட்கள் | 75 | 95 |
| ஆர்டர் | 9 | 12 |

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி மகன் முதலாளியிடம் சொல்கிறான்: "பெரியப்பா, பி-தான் ஜெயிச்சிருக்கு. 27 சதவீதம் அதிகம்!" 75-க்கு 95 என்றால் 27 சதவீதம் கூடுதல்தான், கணக்கில் தப்பில்லை. ஆனால் இரண்டு தலைப்புகளும் ஒரே அளவு நல்லவையாக இருந்திருந்தாலும் இப்படியொரு இடைவெளி தற்செயலாக வந்திருக்குமா என்பதற்கு அந்த 27-இல் பதில் இல்லை.

அதைப் பார்க்க ஒரு நாணயம் போதும். இரு குழுக்களிலும் சேர்த்து கிளிக் செய்தவர்கள் 170 பேர். தலைப்பால் எந்த வித்தியாசமும் இல்லை என்றால், இந்த 170 பேரும் எப்படியும் கிளிக் செய்திருப்பார்கள். ஒவ்வொருவரும் எந்தக் குழுவில் விழுந்தார் என்பது குலுக்கல் முடிவு செய்தது, அதாவது பூவா தலையா. 170 தடவை சுண்டினால் சரியாக 85-85 என்று விழுவது அபூர்வம். பூவுக்கும் தலைக்கும் இடையே வழக்கமாக எவ்வளவு இடைவெளி வரும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: சுண்டிய எண்ணிக்கையின் வர்க்கமூலம். 170-இன் வர்க்கமூலம் சுமார் 13. ஆகவே நம் இடைவெளியை இந்தப் 13 ஆல் வகுத்துப் பார்க்கலாம். ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரே வரி:

```
=(95-75)/SQRT(95+75)
```

விடை சுமார் 1.5. இது 2-ஐத் தாண்டினால், வெறும் அதிர்ஷ்டத்தால் இவ்வளவு பெரிய இடைவெளி (எந்தப் பக்கம் என்றாலும்) வர இருபதில் ஒரு வாய்ப்புதான். அதனால் 2-ஐ எல்லையாக வைத்துக்கொள்வது வழக்கம். 1.5 என்றால் ஏறக்குறைய எட்டில் ஒரு வாய்ப்பு. ஒன்றுமே இல்லாத இடத்திலும் எட்டுப் பரிசோதனைக்கு ஒன்று இப்படித் தெரியும் என்றால், இதை வைத்து "ஜெயித்தது" என்று எழுத முடியாது.

இந்தக் குறுக்குவழிக்கு இரண்டு நிபந்தனைகள். இரு குழுக்களும் சம அளவில் இருக்க வேண்டும், கிளிக் விகிதம் சில சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நம் அட்டவணையில் 3%, 3.8% என்பதால் கவலையில்லை. முழுச் சூத்திரத்தைப் போட்டாலும் 1.56 தான் வருகிறது.

எந்த வரியை எடுக்கிறோம் என்பதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். மொத்தக் கிளிக் வரியை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள்: 57-ஐ 265-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 3.5. அடேயப்பா! ஆனால் அது செல்லாது. நாணயம் சுண்டப்பட்டது ஆளுக்கு ஒரு முறைதான். ஒரே அக்கா எட்டுச் சேலைகளைத் தொட்டுப் பார்த்திருந்தால் அவர் எட்டுப் பேர் ஆகிவிட மாட்டார். அதிலும் சில அலுவலக மெயில் வடிகட்டிகள், வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க மெயிலில் உள்ள எல்லா இணைப்புகளையும் தாங்களே திறந்து பார்க்கும். மெயில் வந்த சில நொடிகளுக்குள் எல்லா இணைப்பிலும் கிளிக் விழுந்திருந்தால் அங்கே மனிதக் கை இல்லை என்று சந்தேகப்படலாம்.

திறந்தவை வரிக்கும் இதே நோய்தான். மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் படம் இருக்கும். அது சர்வரிலிருந்து இறங்கினால் "திறந்தார்" என்று பதிவாகும். 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, அதை இயக்கி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது, அவர் படித்தாலும் படிக்காவிட்டாலும். குலுக்கல் ஒழுங்காக நடந்திருந்தால் இந்தப் போலித் திறப்புகள் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே சேரும், யாருக்கும் சாதகம் இல்லை. ஆனால் உண்மையான இடைவெளி அந்தக் கூட்டத்துக்குள் மங்கிப்போகும்.

சரி, 1.5 வந்துவிட்டது. அப்படியானால் இரண்டு தலைப்பும் சமம் என்று அர்த்தமா? அதுவும் இல்லை. கிளிக் விகித இடைவெளி 0.8 புள்ளி. அதன் தடுமாற்றம் இரு பக்கமும் சுமார் 1 புள்ளி. அதாவது உண்மை, பி 0.2 புள்ளி மோசம் என்பதிலிருந்து 1.8 புள்ளி மேல் என்பது வரை எங்கும் இருக்கலாம். இந்த அட்டவணையால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

குறை தலைப்பில் இல்லை, பட்டியலின் அளவில் இருக்கிறது. 3%-க்கும் 3.8%-க்கும் உள்ள வித்தியாசம் நிஜம் என்றே வைத்துக்கொண்டாலும், அதை ஐந்தில் நான்கு முறையாவது பிடிக்க ஒரு குழுவுக்கு சுமார் 8,000 பேர் வேண்டும். நம்மிடம் 2,500 தான். இந்த அளவில், நிஜமான வித்தியாசம்கூட மூன்றில் ஒரு தடவைதான் 2-ஐத் தாண்டும். இன்னொரு விபரீதமும் உண்டு, இதை ஏனோ யாரும் அதிகம் பேசுவதில்லை. இங்கே எல்லையைத் தாண்ட இடைவெளி குறைந்தது 1 புள்ளியாவது இருக்க வேண்டும். ஆக, நிஜ வித்தியாசம் 0.8 ஆக இருந்தால், "ஜெயித்தது" என்று அறிவிக்கப்படும் ஒவ்வொரு தடவையும் அந்த எண் நிஜத்தை விட ஊதிப் பெருத்ததாகவே இருக்கும். சின்னப் பட்டியலில் பெரிய வெற்றி கிடைத்து, அடுத்த மாதம் அது பாதியாகச் சுருங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தம்பி மகன் மாதிரி ஆட்களுக்கு இன்னொரு பழக்கம் இருக்கும். மணிக்கொரு தரம் அட்டவணையைத் திறந்து பார்த்து, 2-ஐத் தாண்டிய நிமிடத்தில் "போதும், பி-யே இருக்கட்டும்" என்று நிறுத்துவது. எண்கள் சேரச் சேர இந்த விகிதம் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். சீரான இடைவெளியில் ஐந்து தடவை பார்த்து, எப்போது தாண்டினாலும் நிறுத்தலாம் என்று வைத்தால், தவறாக ஜெயிக்கும் வாய்ப்பு 5%-இலிருந்து சுமார் 14%-க்கு ஏறிவிடுகிறது. 72 மணி நேரம் என்று முன்கூட்டியே முடிவு செய்தால் 72 மணி நேரம் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஆர்டர் வரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலாளிக்கு வேண்டியது அதுதான், ஆனால் 3-ஐ 21-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.65.

அப்புறம் கடை என்ன செய்வது? எந்தத் தலைப்பை அனுப்பினாலும் செலவு ஒன்றுதான் என்பதால், இந்த ஆடிக்கு பி-யை வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை. நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால், "தள்ளுபடியைச் சொல்லும் தலைப்பா, உறவைச் சொல்லும் தலைப்பா" என்ற அதே கேள்வியைத் தீபாவளி, பொங்கல், சித்திரை மெயில்களிலும், ஒவ்வொரு முறையும் புதிதாகக் குலுக்கி, கேட்டுப் பார்க்கலாம். நான்கு முறை சேர்ந்தால் பக்கத்துக்கு 10,000 மெயில்கள் ஆகிவிடும். நான்கு என்பதை இப்போதே எழுதி வைத்துவிட வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. திரும்பத் திரும்பப் போவது அதே 5,000 பேருக்கு என்பதால், கிடைக்கும் பதில் இந்தக் கடை வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே பொருந்தும். பக்கத்துக் கடைக்காரர் அதைக் கடன் வாங்கிப் பயனில்லை.