புளித்த மணம் வீசும் ஆஸ்பிரினும் 98 சதவீதக் கணக்கும்

எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மூடியைத் திறந்தாலே காடி வாடை வீசும் ஆஸ்பிரின் புட்டியொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். உறையில்லாத 300 மில்லிகிராம் மாத்திரைகள். இருந்த இடம் குளியலறை அலமாரி. சில மாத்திரைகளின் மேல் மெல்லிய ஊசிகள்போலப் படிகங்கள் பூத்திருந்தன. "காலாவதித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறதே, சாப்பிடலாமா?" என்று கேட்டார். மருந்துப் பகுப்பாய்வு என் தொழில் என்பதால், வாயால் பதில் சொல்வதைவிடச் சோதித்துக் காட்டுவது மேல் என்று நினைத்தேன்.

ஆஸ்பிரினுக்கு நாங்கள் வழக்கமாகச் செய்வது பின் தரம்பார்த்தல். ஆஸ்பிரின் மூலக்கூறில் ஓர் அமிலத் தொகுதியும் ஓர் எஸ்டர் பிணைப்பும் உண்டு. அமிலம் காரத்தோடு உடனே வினைபுரியும். எஸ்டர் மெதுவாகத்தான் உடையும். அதனால் காரத்தைத் தேவைக்கு அதிகமாகவே ஊற்றிக் கொதிக்கவைத்து, எஸ்டர் முழுவதும் உடைந்த பிறகு, மிஞ்சிய காரத்தை அமிலத்தால் அளக்கிறோம். ஒரு மோல் ஆஸ்பிரின் இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடை எடுத்துக்கொள்ளும்.

20 மாத்திரைகளை எடைபோட்டுப் பொடித்தேன். சராசரி எடை 0.360 கிராம். ஆகவே 0.600 கிராம் பொடியில் 0.5 கிராம் ஆஸ்பிரின் இருக்க வேண்டும். அதில் 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 30 மில்லி சேர்த்து, பத்து நிமிடம் மெல்லக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஃபீனால் சிவப்பு நிறங்காட்டியுடன் 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்த்தேன். மாத்திரைப் பொடி இல்லாமல் அதே கரைசலையும் அதே நேரம் கொதிக்கவைத்தேன். இந்த வெற்றுச் சோதனையைச் சோம்பலால் விடுபவர்கள் பலர். சூடான காரம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும். அந்த இழப்பெல்லாம் ஆஸ்பிரின் கணக்கில் ஏறி, மருந்தின் அளவைக் கூட்டிக் காட்டிவிடும். மீத்தைல் ஆரஞ்சையும் இங்கே தொடக்கூடாது. அது நிறம் மாறுவதற்குள் கரைசலிலுள்ள அசிட்டேட்டும் அமிலத்தைக் குடித்துவிடும்.

வெற்றுச் சோதனைக்கு 29.8 மில்லி அமிலம் செலவாயிற்று, மாத்திரைக்கு 18.9. வித்தியாசம் 10.9 மில்லி. ஒவ்வொரு மில்லிக்கும் 45.04 மில்லிகிராம் ஆஸ்பிரின் என்பதால் 490.9 மில்லிகிராம், அதாவது 98.2 சதவீதம். பிரிட்டிஷ் மருந்தியல் தொகுப்பு கேட்பது 95 முதல் 105 வரை. எண்ணை மட்டும் பார்த்தால் அது நல்ல மாத்திரை.

ஆனால் காடி வாடை பொய் சொல்லாது. ஈரம் பட்டு ஆஸ்பிரின் நீராற்பகுப்படைந்தால் சாலிசிலிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் உண்டாகின்றன. இரண்டும் ஆளுக்கு ஒரு மோல் காரத்தைக் குடிக்கும். சிதையாத ஆஸ்பிரின் குடிப்பதும் அதே இரண்டு மோல்தான். புட்டிக்குள்ளேயே உடைந்ததா, என் குடுவையில் உடைந்ததா என்று இந்த முறைக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அசிட்டிக் அமிலம் ஆவியாகிப் போயிருந்தால் மட்டுமே எண் கொஞ்சம் குறையும்.

அதனால் இன்னொரு 0.600 கிராம் பொடியை, முன்பே நடுநிலையாக்கிய குளிர்ந்த எத்தனாலில் கலக்கி, சூடாக்காமலே 0.1 மோலார் காரத்தால் ஃபீனால்ப்தலீன் கொண்டு தரம்பார்த்தேன். இங்கே வேகம் வேண்டும். இளஞ்சிவப்பு சில நொடி நின்றால் போதும், நிறுத்திவிட வேண்டும். அது நிலைக்கட்டும் என்று காத்திருந்தால் எஸ்டர் உடையத் தொடங்கிவிடும். குளிரில் அமிலத் தொகுதிகள் மட்டுமே வினைபுரியும். முன்பு கிடைத்த 490.9 மில்லிகிராமும் சிதையாத ஆஸ்பிரின் என்றால் 27.25 மில்லி போதும். எனக்கு 30.0 மில்லி பிடித்தது.

அதாவது குளிரில் 3.00 மில்லிமோல், கொதிக்கவைத்தபோது மொத்தம் 5.45. இடைவெளியான 2.45 மில்லிமோல்தான் உடையாமல் நின்ற எஸ்டர். அது 441 மில்லிகிராம். பெயர்ப்பட்டியில் சொன்னதில் 88 சதவீதம். அசிட்டிக் அமிலம் பறந்துபோயிருந்தாலும் இந்தக் கழித்தல் மாறாது, ஏனென்றால் இரு அளவுகளிலும் ஒரே அளவு குறைந்திருக்கும். கால்சியம் கார்பனேட் சேர்த்த, தண்ணீரில் கரையும் மாத்திரைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கார்பனேட்டும் அமிலத்தோடு வினைபுரியும்.

ரத்தத் தட்டுகள் ஒட்டாமல் தடுப்பது ஆஸ்பிரினின் அசிட்டைல் தொகுதி. அது உதிர்ந்துபோன சாலிசிலிக் அமிலத்துக்கு அந்த வேலை வராது. ஆசிரியர் இதயத்துக்காகத்தான் அதைச் சாப்பிட்டுவந்தார். பொடியில் சிறிது எடுத்துத் தண்ணீரில் கலக்கி, ஃபெரிக் குளோரைடு இரண்டு சொட்டு விட்டுக் காட்டினேன். கத்தரிப்பூ ஊதா உடனே பரவியது. பக்கத்தில், அலுமினியத் தாள் அட்டையிலிருந்து அப்போதுதான் பிரித்த மாத்திரைக்கும் அதையே செய்தேன். மஞ்சள் நிறம் மாறவேயில்லை. இரண்டு குழாய்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, புட்டியை என்னிடமே விட்டுவிட்டு, புது மருந்துச் சீட்டு வாங்க மருத்துவரிடம் கிளம்பினார்.