99.9 சதவீதம் சரி, ஆனால் ஒரு குழந்தையும் கண்டறியப்படவில்லை

பெங்களூருவில் ஒரு மருத்துவமனைக் குழுமம், பிறந்த குழந்தைகளின் குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத் துளியில் டிஎஸ்எச் என்னும் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் அளவு, பிறப்பு எடை, மாதிரி எடுத்தபோது குழந்தைக்கு எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது ஆகியவற்றைக் கொண்டு பிறவித் தைராய்டு குறைபாட்டைக் கணிக்கும் கணினி மாடல் ஒன்றை வாங்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தக் குறைபாட்டுக்கு முதல் இரண்டு வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கிவிட்டால் குழந்தையின் மூளை பெரும்பாலும் இயல்பாக வளரும். தாமதித்தால் அறிவுத்திறன் நிரந்தரமாகக் குன்றக்கூடும்.

ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு இக்குறைபாடு இருப்பதாகக் கொண்டால், ஒரு லட்சம் பேரில் 100 பேருக்கு இருக்கும். எல்லாருக்குமே 'குறைபாடு இல்லை' என்று சொல்லும் மாடல் 99,900 முறை சரியாகச் சொல்லிவிடுகிறது. அதன் அக்யூரசி 99.9 சதவீதம். அது கண்டுபிடித்த குழந்தைகளோ பூஜ்யம்.

இன்னொரு மாடல் அந்த 100 பேரில் 95 பேரைப் பிடிக்கிறது. நலமாக உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவரை, அதாவது 999 பேரை, தவறாகச் சந்தேகிக்கிறது. அது சரியாகச் சொன்னவை 98,996. அக்யூரசி சுமார் 99 சதவீதம்தான், ஒன்றுமே செய்யாத மாடலைவிடக் குறைவு! நோயில்லாதோர் கூட்டம் அவ்வளவு பெரிதாக இருப்பதால், நோயுள்ள நூறு பேருக்கு என்ன நேர்ந்தது என்பது அந்த எண்ணில் அநேகமாகத் தெரிவதே இல்லை.

ஆகவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். உண்மையில் நோயுள்ளவர்களில் எத்தனை பேரை மாடல் பிடித்தது என்பது ரீகால்; இங்கே 95 சதவீதம். அது சந்தேகித்தவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் நோய் இருக்கிறது என்பது பிரசிஷன். 1,094 பேரில் 95, அதாவது 8.7 சதவீதம். அல்சூரில் உள்ள ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு 'குழந்தையை மறுபரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்' என்று தொலைபேசி வந்தால், குழந்தை நலமாகவே இருக்கப் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு. இதை அவர்களிடம் அப்போதே சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மறுபரிசோதனை ஓர் எளிய இரத்தப் பரிசோதனை என்பதால், ரீகாலுக்காகப் பிரசிஷனை இந்த அளவுக்கு விட்டுக்கொடுப்பது நியாயமே.

விற்பவர் பிரசிஷன் 99 சதவீதம் என்றால், சோதனைத் தொகுப்பில் நோயுள்ளோர் எத்தனை பேர் என்று கேளுங்கள். நோயுள்ள 100 பேரையும் நலமான 100 பேரையும் சேர்த்துச் சோதித்தால், இதே மாடல் 95 பேரைச் சரியாகவும் ஒருவரைத் தவறாகவும் சந்தேகிக்கும். பிரசிஷன் 99 சதவீதமாகத் தோன்றும். மாடல் மாறவில்லை, நோயின் விகிதம்தான் மாறியது.

ரீகாலிலும் ஒரு சிக்கல் உண்டு. 'இல்லை' என்று அனுப்பப்பட்ட குழந்தைகளைப் பின்தொடராத இடத்தில், தவறவிட்ட ஐவர் கணக்கிலேயே வராததால், ரீகால் 100 சதவீதம் என்றே பதிவாகும்.