தரு: கூத்தில் வரும் பாட்டுக்கு ஏன் இந்தப் பெயர்?

நகரி, புத்தூர் பக்கம் உட்கார்ந்து நாட்டிய நாடகம் எழுதும் என் நோட்டில் மூன்று தலைப்புகள் மாறி மாறி வரும்: விருத்தம், தரு, வசனம். முதலும் கடைசியும் யாருக்கும் புரியும். தருவில்தான் தடுமாறுவார்கள். அகராதியில் தேடினால் ‘மரம்’ என்று இருக்கும். கற்பகத் தருவில் வருவது அந்தச் சொல், இது வேறு.

கூத்துக்காரர் சொல்லும் தரு, தாளத்தோடு பாடப்பட்டு, ஆட்டத்தோடு கதையை நகர்த்தும் பாட்டு. விருத்தத்துக்குத் தாளம் கிடையாது. அதைப் பாடும்போது ஆடுபவர் நின்று அபிநயிக்கலாம், நடை போட முடியாது. தரு தொடங்கியதும் கால் அசைய வேண்டும்.

சொல் வந்த வழியைக் கேட்டால், பெரும்பாலோர் நாட்டிய சாஸ்திரத்தில் வரும் ‘த்ருவா’வைக் காட்டுவார்கள். பாத்திரம் நுழையும்போது, வெளியேறும்போது, ரசம் மாறும்போது என்று ஐந்து வகை த்ருவா பாட்டுகளை அது சொல்கிறது. த்ருவம் என்றால் அசையாதது. துருவ நட்சத்திரத்தில் இருப்பதும் அதுதான். நாடகத்தில் இன்ன இடத்துக்கு இன்ன பாட்டு என்று நிலைத்துவிட்டதால் அந்தப் பெயர் பொருந்துகிறது என்பது என் எண்ணம். தெலுங்கில் அது ‘தருவு’. எங்கள் ஊரில் தெலுங்கு பேசுகிறவர் காதில் அந்தச் சொல் மேளத்தின் அடியாகவும் விழும். தமிழில் ‘வு’ உதிர்ந்து தரு ஆனது. அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தில் தருவும் விருத்தமும் அடுத்தடுத்து வரும். இன்று கச்சேரியில் கீர்த்தனை என்று கேட்கும் ‘யாரோ இவர் யாரோ’ அந்த நாடகத்துப் பாட்டுதான்.

கூச்சிப்பூடியில் பெயர்பெற்றது பிரவேச தருவு. சத்தியபாமா திரைக்குப் பின்னால் நின்று, ஜடையை மட்டும் திரைக்கு மேல் போட்டுக் காட்டி வரும் பாட்டு அது. இதற்கு நல்ல தமிழ் ஏற்கெனவே இருக்கிறது: வரவுப்பாட்டு. இரண்டு பாத்திரங்கள் மோதும் சம்வாத தருவைத் தர்க்கப்பாட்டு என்கலாம். மொத்தத்துக்கும் ஒரே சொல் வேண்டுமானால் ‘ஆடற்பாட்டு’. ஆனால் அது எந்த ஆட்டத்தின் பாட்டுக்கும் பொருந்திவிடும். கதையை நகர்த்தும் வேலை அதில் தெரியாது. அதனால் நான் தலைப்பில் தரு என்றே வைத்துக்கொண்டு, பாத்திரம் நுழையும் இடத்தில் மட்டும் வரவுப்பாட்டு என்று சேர்த்து எழுதுகிறேன்.

பக்கத்தில் இருக்கும் காளத்திக் கதையையே பாருங்கள். பின்னால் கண்ணப்பர் ஆகும் திண்ணனார் வேட்டைக்கு வருகிற இடத்துக்கு இப்படி எழுதினேன்:

வில்லும் கையும் விளையாட – திண்ணன்
வேட்டைக்கு வந்தானே

ஆதி தாளத்தில் ஓர் அடிக்கு ஓர் ஆவர்த்தனம், எட்டு அட்சரம். இரண்டு அடியும் இரண்டு தடவை பாடினால் முப்பத்திரண்டு. திரையிலிருந்து மேடை நடுவுக்கு வந்து வில்லை வளைத்து நிற்க அது போதும். ‘வந்தேனே’ என்று எழுதவில்லை, கவனியுங்கள். பின்பாட்டுக்காரர் பாடுவதால் வரவு படர்க்கையில் இருப்பது நல்லது. தோழன் நாணனோடு பேச்சு வரும்போது தன்மைக்கு மாறலாம்.

அப்புறம் பொன்முகலி ஆற்றிலிருந்து திண்ணனார் மேலே ஏறி வருகிறார். வாயில் தண்ணீர், தலையில் பூ, ஒரு கையில் இறைச்சி, மறு கையில் வில். ‘அன்பால் உருகுதே நெஞ்சம்’ என்று முதலில் ஒரு வரி போட்டிருந்தேன். ஒத்திகையில் ஆடிய பெண், “நெஞ்சைத் தொட்டுக் காட்ட எனக்கு எந்தக் கை மிச்சம், அண்ணா?” என்று கேட்டாள். சரிதான். வரியை அடித்துவிட்டு, வாயில் நீர், தலையில் பூ என்று கண்ணுக்குத் தெரிவதையே பாட்டாக வைத்தேன். கைமுத்திரை வேண்டாம், நடை மட்டும் போதும்.

கண்ணை அகழும் இடம் அதைவிடக் கடினம். லிங்கத்தின் ஒரு கண்ணில் வடியும் இரத்தம், திண்ணனார் தன் முதல் கண்ணை அப்பியதும் நின்றுவிடுகிறது. மறு கண்ணில் வடியத் தொடங்குகிறது. தன் இன்னொரு கண்ணையும் எடுத்துவிட்டால் இடம் தெரியாதே என்று, லிங்கத்தின் கண்மேல் காலை ஊன்றி அடையாளம் வைத்துக்கொண்டு, அம்பைக் கண்ணுக்குக் கொண்டுபோகிறார். ஒற்றைக் காலில் நிற்கிற உடம்பு. அம்பு பிடித்த கை. இங்கே நான் எழுதிய நான்கு வரித் தருவும் வீண். அவள் ஆடினால் கால் தளரும், நின்றால் பாட்டு தனியே ஓடும். நட்டுவாங்கத் தாளத்தையும் நிறுத்தச் சொன்னேன். நோட்டில் அந்தப் பக்கத்தில் விருத்தம் இல்லை, தரு இல்லை. வசனம் மட்டும் இருக்கிறது, மூன்று முறை: “நிற்க, கண்ணப்ப.”