1,200 சொற்களை எங்கிருந்து வெட்டுவது?

ஆய்வுக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். போன மாதம் ஒரு மாணவி 4,200 சொற்களில் ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். வரம்பு 3,000. "நானே ஒரு சுற்று குறைத்துப் பார்த்தேன், மேற்கோளெல்லாம் பத்திரமாக இருக்கிறது" என்றும் எழுதியிருந்தார். மேற்கோள்கள் இருந்தன, உண்மைதான். ஆனால் அவற்றில் ஒன்று, தான் சொல்லாததற்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

வகுப்பில் மடிக்கணினியைத் தடை செய்யும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்பதுதான் கட்டுரையின் வாதம். அதற்கு இரண்டு ஆய்வுகள் முக்கியம். ஒன்று, 2014-ல் முல்லரும் ஒப்பன்ஹைமரும் வெளியிட்டது. கையால் குறிப்பெடுத்தவர்கள், கருத்தைப் புரிந்து விடையளிக்கும் கேள்விகளில் மடிக்கணினிக்காரர்களைவிட நன்றாகச் செய்தார்கள் என்றது அது. மற்றொன்று, 2019-ல் மோர்ஹெட் குழுவினர் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தது. முந்தைய வித்தியாசம் அவர்களுக்கு உறுதியாகக் கிடைக்கவில்லை. முதல் வடிவில் மாணவி இவற்றைத் தனித்தனிப் பத்தியில் சரியாக எழுதியிருந்தார். சொல்லைக் குறைக்க இரண்டையும் சேர்த்தபோது இப்படி ஆகிவிட்டது:

"கையால் குறிப்பெடுப்பது கற்றலுக்கு உதவுகிறது (முல்லர், ஒப்பன்ஹைமர், 2014, மோர்ஹெட் மற்றும் பிறர், 2019)."

மறுத்த ஆய்வு ஆதரித்த ஆய்வோடு ஒரே அடைப்புக்குறிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வாதமும் அதோடு கவிழ்ந்தது. வாக்கியங்களை இணைக்கும்போது அடிக்கடி நடக்கும் விபத்து இது. பெயரும் ஆண்டும் கண்ணில் படுவதால் எதுவும் தொலையவில்லை என்றே தோன்றும்.

நான் மாற்றியது: "கருத்து சார்ந்த கேள்விகளில் மட்டும் கையெழுத்து முந்தியது (முல்லர், ஒப்பன்ஹைமர், 2014); மறுசோதனையில் அது உறுதிப்படவில்லை (மோர்ஹெட் மற்றும் பிறர், 2019)." அவர் வாக்கியத்தைவிட ஐந்து சொற்கள் கூடுதல். பரவாயில்லை, இங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது. "மட்டும்", "சில", "பெரும்பாலும்" போன்ற சொற்கள் வெட்டுவதற்கு வசதியாகத் தெரியும். ஒரு ஆய்வு எதுவரை பேசுகிறது என்ற எல்லையைக் காட்டுபவையும் அவைதான்.

அப்படியானால் 1,200 சொற்கள் எங்கிருந்து வரும்? முதலில் எதையெல்லாம் எண்ணுகிறார்கள் என்று விதிமுறையில் பார்த்துக்கொள்ள வேண்டும். அடிக்குறிப்பும் நூற்பட்டியலும் கணக்கில் உண்டா என்பது இடத்துக்கு இடம் மாறும். வேர்டில் சொல் எண்ணும் பெட்டியில் Include textboxes, footnotes and endnotes என்ற கட்டத்தை டிக் செய்கிறோமா இல்லையா என்பதைப் பொறுத்தே எண்ணிக்கை மாறிவிடும்.

அப்புறம், ஒவ்வொரு பத்திக்கும் "இது வாதத்துக்கு என்ன செய்கிறது?" என்று ஒரே வரியில் ஓரத்தில் எழுதினேன். குறிப்பெடுத்தலின் வரலாறு மூன்று பத்தி ஓடியது. அதற்கு எழுத எனக்கு வரி கிடைக்கவில்லை. அதில் ஏழு மேற்கோள்கள் இருந்ததால் மாணவிக்கு விட மனமில்லை. அவற்றில் எதை எடுத்தாலும் முடிவுரையில் ஒரு வரிகூட ஆட்டம் காணவில்லை, அதனால் எடுத்துவிட்டோம். இன்னோரிடத்தில் ஒரே கருத்து இரண்டு பத்திகளில் வேறு வேறு சொற்களில் வந்திருந்தது, ஒன்று போனது. இப்படிப் பத்தி பத்தியாகவே 800 சொற்களுக்கு மேல் குறைந்தன. வாக்கியம் வாக்கியமாகச் சுரண்டியிருந்தால் இவ்வளவு கிடைத்திருக்காது, நடையும் மூச்சுத் திணறியிருக்கும்.

மிச்சத்துக்குத்தான் வாக்கியங்களில் கை வைத்தோம். "இன்னார் 2014-ஆம் ஆண்டில் மேற்கொண்ட ஆய்வொன்றில் கண்டறிந்தது என்னவென்றால்" என்று தொடங்கும் வரிகளில் கண்டுபிடிப்பை முன்னால் வைத்து, பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் தள்ளினால் நாலைந்து சொற்கள் போய்விடும். தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு: "மாறிக் கொண்டு இருக்கிறது" மூன்று சொல், "மாறிக்கொண்டிருக்கிறது" ஒரு சொல். துணைவினையைச் சேர்த்து எழுதுவதுதான் முறையும்கூட. ஆனால் கணக்குக்காக எல்லாவற்றையும் ஒட்டிப் புகைவண்டி ஓட்டினால் திருத்துபவர் சிரித்துவிடுவார்.

கடைசியில் ஒரு சோதனை. மேற்கோள் வரும் வாக்கியங்களை மட்டும் தனிக் கோப்பில் எடுத்து, பழைய வடிவையும் புதிய வடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தோம். பெயரை மூடிவிட்டு "இதை அந்த ஆய்வு உண்மையிலேயே சொன்னதா?" என்று கேட்டுக்கொண்டே போனதில் இன்னும் இரண்டு இடங்கள் சிக்கின. நூற்பட்டியலிலும், கட்டுரையிலிருந்து வெளியேறிய நான்கு பெயர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தன.

எல்லாம் முடிந்தபோது 3,008. அந்த எட்டும் முடிவுரையின் முதல் வரியிலேயே கிடைத்தன: "இக்கட்டுரையில் இதுவரை நாம் பார்த்த விஷயங்களையெல்லாம் தொகுத்துச் சொல்ல வேண்டுமென்றால்..."