பெஷைட் வந்தால் முதலில் கணக்குப் போட வேண்டியது தேதியை: அண்ணிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணி,

வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய நாலு பக்கத்தையும் படித்தேன். ஜெர்மன் அரசு குழந்தைகளுக்காக மாதாமாதம் தரும் கிண்டர்கெல்ட் பணத்தைக் கேட்டு நீங்கள் போட்ட மனுவை, அதைக் கவனிக்கும் ஃபமீலியன்காசெ அலுவலகம் நிராகரித்திருக்கிறது. பதற வேண்டாம், இது சரிசெய்யக்கூடிய விஷயம்தான். ஆனால் அண்ணன் சொன்னது போல "பிறகு புதிதாக ஒரு மனு போட்டுக்கொள்ளலாம்" என்று விட்டுவிடாதீர்கள். அப்படி விட்டால் எவ்வளவு போகும் என்று கீழே கணக்குப் போட்டிருக்கிறேன்.

உங்களுக்கு வந்தவை இரண்டு வேறு வகைக் கடிதங்கள். ஜனவரியில் வந்தது வெறும் கேள்விக் கடிதம். குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழை ஜெர்மனில் மொழிபெயர்த்துப் பிப்ரவரி 20க்குள் அனுப்பச் சொன்னார்கள். அதில் எந்த முடிவும் இல்லை. இப்போது வந்திருப்பது பெஷைட், அதாவது அலுவலகம் முடிவெடுத்துப் போட்ட உத்தரவு. நம் ஊரில் தாசில்தார் ஆர்டர் போட்டுவிட்டார் என்போமே, அந்த மாதிரி. கேட்ட சான்றிதழ் வரவில்லை, எனவே உரிமை இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை, மனு தள்ளுபடி. இரண்டாம் பக்கத்தில் சொல்லியிருப்பது இவ்வளவுதான்.

ஃபிரிஸ்ட் என்றால் கெடு. இந்த இரண்டு கடிதங்களிலும் கெடு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பிப்ரவரி 20 என்பது அந்த அலுவலகமே வைத்த தேதி. மொழிபெயர்ப்பாளரிடம் இருந்து இன்னும் வரவில்லை, மூன்று வாரம் கொடுங்கள் என்று அந்தத் தேதிக்கு முன்பே இரண்டு வரி எழுதியிருந்தால் பெரும்பாலும் கொடுத்திருப்பார்கள். பெஷைட்டை எதிர்க்கும் கெடு சட்டம் வைத்தது. அதை எந்த அதிகாரியும் நீட்டிக்க முடியாது, எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அதிலும் பாருங்கள், முதல் தேதியைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். இந்தத் தேதியை எங்கேயும் அச்சிடவில்லை. நாமேதான் கணக்குப் போட வேண்டும்.

கடைசிப் பக்கத்தின் அடியில் ரெக்ட்ஸ்பெஹெல்ஃப்ஸ்பெலேருங் என்று நீளமாக ஒரு தலைப்பு இருக்கிறது பாருங்கள். அதற்குக் கீழே உள்ள நாலைந்து வரிதான் முழுக் கடிதத்திலும் முக்கியமானது. இந்த உத்தரவை எப்படி எதிர்க்கலாம், எங்கே அனுப்ப வேண்டும், எத்தனை நாளுக்குள் என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்கள் கடிதத்தில் ஐன்ஷ்பிரூக் என்று போட்டிருக்கிறது, அதாவது எதிர்ப்பு மனு, கெடு ஒரு மாதம். கிண்டர்கெல்ட் இங்கே வரிச் சட்டத்தின் கீழ் வருவதால் அந்தப் பெயர். மருத்துவக் காப்பீட்டுக் கழகமோ, வேலையில்லாதவர்களுக்கு உதவித்தொகை தரும் யோப்சென்டரோ போடும் பெஷைட்டை எதிர்ப்பதற்கு வீடர்ஷ்பிரூக் என்று பெயர், அதற்கும் ஒரு மாதம்தான். இந்தப் பகுதியே இல்லாமலோ தப்பாகவோ ஒரு பெஷைட் வந்தால் கெடு ஒரு வருடமாகிவிடும். உங்களுடையதில் சரியாகவே இருக்கிறது, அந்தச் சலுகை நமக்கில்லை.

இப்போது கணக்கு. பெஷைட்டில் வலப்பக்கம் மேலே உள்ள தேதி 2 மார்ச் 2026. அன்றே தபாலில் போட்டதாக எடுத்துக்கொள்வோம். உள்நாட்டுத் தபாலில் போட்ட கடிதம் நான்காம் நாள் உங்கள் கைக்கு வந்துவிட்டதாகச் சட்டம் வைத்துக்கொள்ளும். 2024 வரை இது மூன்றாம் நாள், 2025 ஜனவரியில் இருந்து நான்காம் நாள். பழைய இணையப் பக்கங்களில் மூன்று என்றே இருக்கும், குழம்ப வேண்டாம். எனவே மார்ச் 6 வெள்ளிக்கிழமை. உங்களுக்கு 4ஆம் தேதியே வந்துவிட்டது என்றீர்கள், பரவாயில்லை, அப்போதும் 6 என்றுதான் கணக்கு. அங்கிருந்து ஒரு மாதம் என்றால் ஏப்ரல் 6. முப்பது நாள், நாலு வாரம் என்று எண்ணாதீர்கள், அடுத்த மாதத்தில் அதே தேதிதான். ஏப்ரல் 6 ஈஸ்டர் திங்கள், விடுமுறை. கடைசி நாள் சனி, ஞாயிறு, விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலைநாளுக்குப் போகும். ஆக உங்களுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 7, செவ்வாய்.

அன்றைக்குள் ஐன்ஷ்பிரூக் ஃபமீலியன்காசெயிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 7ஆம் தேதி தபால் பெட்டியில் போட்டால் கெடு போய்விட்டது. அதனால் மார்ச்சிலேயே அனுப்பிவிடுங்கள்.

எழுதுவது கஷ்டமில்லை. உங்கள் பெயர், முகவரி, கிண்டர்கெல்ட் எண், பெஷைட்டின் தேதி, அப்புறம் "இந்த பெஷைட்டுக்கு எதிராக ஐன்ஷ்பிரூக் செய்கிறேன்" என்று ஒரு வரி. மொழிபெயர்ப்பு கையில் இருந்தால் கூடவே வையுங்கள், இல்லையென்றால் "காரணத்தையும் ஆவணத்தையும் பின்னர் அனுப்புகிறேன்" என்று இன்னொரு வரி. கெடுவைக் காப்பாற்ற இதுவே போதும், காரணத்தை அப்போதே எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் எதிர்க்கிறேன் என்று சொல்லாமல் சான்றிதழை மட்டும் உறையில் போட்டு அனுப்பாதீர்கள், அதைப் புதிய மனு என்று எடுத்துக்கொண்டால் வம்பு. கிண்டர்கெல்ட்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பினாலும் செல்லும். காப்பீட்டுக் கழகத்துக்கான வீடர்ஷ்பிரூக்குக்கு அப்படிச் செய்யக்கூடாது, சாதாரண மின்னஞ்சல் அங்கே கணக்கில் வராது. தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும், அல்லது நேரில் போய்ச் சொல்லி எழுதவைக்க வேண்டும். எதுவானாலும் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, புது மனு போட்டால் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு 2025 அக்டோபர் முதல் உரிமை. அந்த வருடம் ஒரு குழந்தைக்கு மாதம் 255 யூரோ, 2026 முதல் 259. இரண்டு குழந்தைகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை 1,530 யூரோ, ஜனவரி முதல் மார்ச் வரை 1,554 யூரோ. மொத்தம் 3,084. எதிர்க்காமல் விட்டு அந்த பெஷைட் உறுதியாகிவிட்டால், அது உங்களுக்கு வந்துசேர்ந்த மார்ச் மாதம் வரைக்கும் "உரிமை இல்லை" என்பதே முடிந்த முடிவு. கிண்டர்கெல்ட் ஆறு மாதம் பின்னோக்கிக் கிடைக்கும் என்று யாரோ அண்ணனிடம் சொன்னது உண்மைதான். ஆனால் உறுதியான பெஷைட் அடைத்துவைத்த மாதங்களை அது திறக்காது. புது மனு ஏப்ரலில் இருந்துதான் பணம் தரும்.

"ஜெர்மன் தெரியாததால் புரியவில்லை" என்பது இங்கே செல்லாது. அலுவலக மொழி ஜெர்மன், புரியவைத்துக்கொள்வது நம் பொறுப்பு என்பார்கள். எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது, இருந்தாலும் சட்டம் அப்படி.

இன்னொன்று, எப்போதாவது மஞ்சள் உறை வந்தால் நாலு நாள் கணக்கே கிடையாது. தபால்காரர் அந்த உறையின் மேல் ஒரு தேதி எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் அன்றே வந்துசேர்ந்ததாகத்தான் அர்த்தம். ஆகவே உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், கடிதத்தோடு சேர்த்துப் பின் பண்ணி வையுங்கள்.

ஐன்ஷ்பிரூக்குக்குக் கட்டணம் எதுவும் இல்லை. சான்றிதழ் சரியாக இருந்தால் பழைய முடிவை மாற்றிப் புதிய பெஷைட் அனுப்புவார்கள், விட்டுப்போன மாதங்களின் பணமும் சேர்ந்து வரும். மறுபடியும் மறுத்தால் வருவது ஐன்ஷ்பிரூக் மீதான தீர்ப்பு. அதை எதிர்த்து நிதி நீதிமன்றத்துக்குப் போகவும் ஒரு மாதம்தான். அந்த அளவுக்குப் போகாது என்று நினைக்கிறேன், கேட்டது ஒரு மொழிபெயர்ப்புதானே. மொழிபெயர்ப்பாளர் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்தவரா என்று மட்டும் அண்ணனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்