போன ஆண்டுப் பத்தியையும் திருத்தித்தான் ஆக வேண்டும்

மணலியில் இரும்புத் தகடு வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தின் 2024-25 வரைவுக் கணக்கு அண்மையில் என் மேசைக்கு வந்தது. சரக்கிருப்பு மதிப்பீட்டை எடையிட்ட சராசரி முறையிலிருந்து, முதலில் வந்தது முதலில் போகும் ஃபிஃபோ முறைக்கு மாற்றியிருந்தார்கள். இறுதி இருப்பு புதிய முறைப்படி 118 லட்சம். தொடக்க இருப்போ பழைய முறையிலேயே 100 லட்சம். இதே பிழையோடு இந்த ஆண்டு நான் பார்க்கும் மூன்றாவது கணக்கு இது.

பழைய முறையிலேயே இருந்திருந்தால் இறுதி இருப்பு 106 லட்சம்தான். வித்தியாசமான 12 லட்சமும் இந்த ஆண்டு லாபத்தில் ஏறிவிட்டது. ஆனால் 31.3.2023 இருப்பிலேயே வித்தியாசம் 4 லட்சம், 31.3.2024-இல் 10 லட்சம். ஆகவே இந்த ஆண்டுக்கு உரியது 2 லட்சம் மட்டுமே. 6 லட்சம் சென்ற ஆண்டுக்கும், 4 லட்சம் அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கும் சொந்தம்.

புதிய முறையையே ஆதியிலிருந்து பின்பற்றியதுபோலக் கணக்கைக் காட்டச் சொல்கிறது இண்ட் ஏஎஸ் 8 என்ற இந்தியக் கணக்கியல் தரநிலை. வரி 25 சதவீதம் என்று கொண்டால், 1.4.2023 தொடக்கத் தக்கவைத்த வருவாயில் 3 லட்சமும், ஒப்பீட்டுக்காகத் தரப்படும் சென்ற ஆண்டுப் பத்தியில் உள்ள 2023-24 நிகர லாபத்தில் 4.5 லட்சமும் கூடும். தொகை பொருட்படுத்தத்தக்கதாக இருந்தால் 1.4.2023 நாளுக்கான மூன்றாவது இருப்புநிலைக் குறிப்பும் வேண்டும். (பழைய ஏஎஸ் 5-இன் கீழ் உள்ள சிறு நிறுவனங்களுக்கு விதி வேறு, அவர்கள் இதைப் பார்த்து எழுத வேண்டாம்.)

“கையெழுத்தாகிப் பதிவாளரிடம் போன கணக்கை எப்படி சார் தொடுவது?” என்று உரிமையாளர் கேட்டார். எல்லோரும் கேட்பதுதான், எனக்குச் சலித்தும்விட்டது. அந்தக் கணக்கை யாரும் தொடவில்லை, அதில் தவறு இருந்ததாகவும் பொருளில்லை. அது அன்றைய கொள்கைப்படி சரியானதே. மாறுவது இந்த ஆண்டு அறிக்கையில் பக்கத்தில் அச்சாகும் சென்ற ஆண்டுப் பத்திதான். இதற்குப் பயந்து முழு 10 லட்சத்தையும் 1.4.2024 தொடக்க இருப்பில் சேர்த்துவிட்டு அந்தப் பத்தியை அப்படியே விடுகிறவர்களும் உண்டு. அப்போது இரண்டு ஆண்டு லாபங்களும் இரு வேறு முறைகளில் அருகருகே நிற்கும்.

அடுத்து வரும் சாக்கு, “2023 டிசம்பர் வெள்ளத்தில் பில்கள் நனைந்துபோயின” என்பது. 31.3.2023 இருப்பை ஃபிஃபோவில் மதிப்பிட, தொழில் தொடங்கிய நாளிலிருந்து பில் வேண்டியதில்லை. அன்று கையிருப்பு 140 டன் என்றால், அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி 140 டன் நிறையும் வரை கடைசிக் கொள்முதல் பில்கள் போதும்: கடைசி பில் 90 டன், அதற்கு முந்தையதில் 50 டன், அவ்வளவே. ஜிஎஸ்டி தளத்தில் கிடைக்கும் கொள்முதல் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி-யில் பில் எண்ணும் தொகையும் கிடைக்கும், டன் கணக்கு கிடைக்காது. எனவே எண்ணைக் குறித்துக்கொண்டு விற்றவரிடமே நகல் கேளுங்கள். அங்கும் கிடைக்காவிட்டால்தான் இயலாமை என்று சொல்லி, எந்தத் தேதியிலிருந்து முடியுமோ அங்கிருந்து அமல்படுத்தி, காரணத்தைக் குறிப்பில் எழுதலாம். தயவுசெய்து முதலில் அந்த இரண்டு பில்களைத் தேடுங்கள்.